9 மணிக் கூட்டத்துக்குள் சட்டை நனைந்துவிடுகிறது: எந்தப் பனியன், எந்தச் சட்டை?

ஈரச்சட்டை
திங்கள், இரவு 9.40

வணக்கம். வங்சா மாஜுவில் இருக்கிறேன், வேலை லெபோ அம்பாங் பக்கம். வீட்டிலிருந்து எல்ஆர்டிக்கு 12 நிமிட நடை, மஸ்ஜிட் ஜமேக்கில் இறங்கி இன்னொரு 10 நிமிடம். அலுவலகத்துக்குள் நுழையும்போது இரண்டு அக்குளிலும் தோசை அளவுக்கு ஈரம், முதுகில் பையின் வடிவத்தில் ஒரு ஈரம். 9 மணிக்குக் கூட்டம். வெள்ளைப் பலகையில் எழுதக் கையைத் தூக்கவே கூச்சமாக இருக்கிறது.

அலுவலக விதி: வெளிர் நிறம், முழுக்கை, கோடோ பூவோ கூடாது. என்னிடம் இருக்கும் ஐந்து சட்டையும் வெளிர் நீலம். உள்ளே கையில்லாத பருத்தி சிங்லட் போடுகிறேன். போட்டும் பயனில்லை. எதை மாற்றுவது, பனியனையா சட்டையையா?

கேஎல் ஓட்டக்காரன்
திங்கள், இரவு 9.58

பருத்தியைத் தூக்கிப் போடுங்கள் பாஸ். பருத்தி குடிக்கும், விடாது. பாலியெஸ்டர் வியர்வையை வேகமாக ஆவியாக்கிவிடும். நான் 10 கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்தாலும் என் ஜெர்சி அரை மணியில் காய்ந்துவிடுகிறது. அதே மாதிரி துணியில் இப்போது அலுவலகச் சட்டையும் வருகிறது. அதை வாங்கி, உள்ளே ஒன்றும் போடாமல் போடுங்கள். இரண்டு அடுக்கு எதற்கு, இந்த வெயிலில்?

உள்ளங்கை
திங்கள், இரவு 10.15

எனக்கும் இதே பிரச்சினைதான். கை கொடுக்கவே பயம். விசைப்பலகை ஈரமாகிவிடும், பரீட்சைத் தாள் ஒட்டிக்கொள்ளும். கையுறை போடலாமா? என்ன துணி நல்லது?

ஈரச்சட்டை
திங்கள், இரவு 10.21

@உள்ளங்கை எனக்கு உள்ளங்கை பரவாயில்லை, சட்டைதான் சிக்கல்.

@ஓட்டக்காரன் அந்த மாதிரிச் சட்டை ஒன்று போன மாதம் வாங்கினேன், வெளிர் சாம்பல் நிறம். காய்ந்தது உண்மை. ஆனால் காய்வதற்கு முன் ஈரம் இடுப்பு வரைக்கும் இறங்கிவிட்டது. லிஃப்டில் ஒருவர் "வெளியே மழையா?" என்று கேட்டார்.

பிறை நூல்காரர்
செவ்வாய், காலை 6.30

பிறையில் துணி ஆலையில் 26 வருடம், கடைசி 11 வருடம் சோதனைக் கூடத்தில் இருந்தேன். இதைப் பற்றி நிறைய வாக்குவாதம் கேட்டிருக்கிறேன்.

ஓட்டக்காரத் தம்பி சொன்னதில் பாதி சரி. பாலியெஸ்டர் எதையும் ஆவியாக்குவதில்லை. ஒரே அளவு தண்ணீரை ஒரே பரப்பில் தடவி வைத்தால் பருத்தியிலும் பாலியெஸ்டரிலும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில்தான் காயும். வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. பாலியெஸ்டர் நார் தனக்குள் தண்ணீரை ஏறக்குறைய எடுப்பதே இல்லை, நூல்களுக்கு நடுவில் ஓடவிட்டு அகலமாகப் பரப்பிவிடும். மெல்லியதாகப் பரவிய தண்ணீர் சீக்கிரம் போய்விடும். பருத்தி, நாருக்குள்ளேயும் குடித்து ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளும்.

இப்போது உன் லிஃப்ட் கதைக்கு வா. சீக்கிரம் காயவேண்டும் என்றால் ஈரம் பரவவேண்டும். பரவினால் ஈரம் பெரிதாகத் தெரியும். மறைப்பதும் காய்வதும் ஒன்றுக்கொன்று எதிரானவை, ஒரே துணியிடம் இரண்டையும் கேட்டால் ஏமாற்றம்தான். அதனால்தான் இரண்டு அடுக்கு. உள்ளே இருப்பது குடித்துப் பரப்பட்டும், வெளியே இருப்பது தொடாமல் நிற்கட்டும்.

உன் முதல் தவறு சட்டை இல்லை, சிங்லட். கையில்லாத பனியன் அக்குளை மூடுவதே இல்லை. உன் தோலும் சட்டையும் அங்கே நேராகத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. வியர்க்கிற இடத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தை எல்லாம் மூடியிருக்கிறாய்.

பட்டர்வொர்த் பையன்
செவ்வாய், காலை 7.50

அங்கிள் சொல்வது புரிகிறது, ஆனால் பனியன் போட்டால் இன்னும் அதிகம் வியர்க்குமே? நான் தினமும் ஃபெரியில் ஜார்ஜ்டவுன் போகிறேன். பனியனை விட்டு 3 வருடம் ஆகிறது. தொளதொளவென்ற வெள்ளை லினன் சட்டை, அவ்வளவுதான். கடல் காற்றில் இறங்குவதற்குள் காய்ந்துவிடும்.

பிறை நூல்காரர்
செவ்வாய், காலை 8.10

உனக்குக் கடல் காற்று இருக்கிறது, அவனுக்கு எல்ஆர்டி இருக்கிறது. காற்று அடித்தால் என் கருத்தையே மாற்றிக்கொள்வேன்.

கோலாலம்பூரில் காலை 8 மணிக்கு வெயில் குறைவு, ஆனால் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். அந்த நேரத்தில் வெளியே எந்தத் துணியும் சரியாகக் காயாது. உண்மையில் காய்வது அலுவலக ஏர்கோனில், அங்கேதான் காற்று வறண்டிருக்கிறது. ஆகவே நடக்கும் 22 நிமிடம் ஈரம் வெளிச்சட்டைக்கு வராமல் தடுக்கவேண்டும், உட்கார்ந்த அரை மணிக்குள் பனியன் காய்ந்துவிடவேண்டும். இந்தக் கணக்கை வைத்துத்தான் துணி தேடவேண்டும்.

கூடுதலாக ஓர் அடுக்கு போட்டால் கொஞ்சம் சூடு கூடும், அதை மறுக்கவில்லை. எவ்வளவு என்பது ஆளைப் பொறுத்தது.

ஈரச்சட்டை
செவ்வாய், மதியம் 1.05

சரி அங்கிள், பனியன் புரிகிறது. சட்டையின் நிறம்? வெளிர் நீலத்தை எல்லாம் தூக்கிப் போடவேண்டுமா? ஐந்தும் சேர்த்து 400 வெள்ளிக்கு மேல்.

பிறை நூல்காரர்
செவ்வாய், மதியம் 2.20

தூக்கிப் போடாதே, மழை நாளுக்கும் கூட்டம் இல்லாத நாளுக்கும் வைத்துக்கொள். ஆனால் வெளிர் நீலமும் சாம்பலும்தான் இருப்பதிலேயே மோசம்.

உலர்ந்த துணியில் நார்களுக்கு நடுவே காற்று இருக்கிறது. வெளிச்சம் பட்டால் சிதறி நம் கண்ணுக்கு வெளிறலாகத் திரும்பும். அந்த இடைவெளியில் தண்ணீர் புகுந்தால் சிதறல் குறையும், துணி கருத்துத் தெரியும். கருநீலம் ஏற்கெனவே கருமை, மேலே கருக்க இடம் இல்லை. வெள்ளையில் சாயமே இல்லாததால் பெரிதாகக் கருக்காது. நடுவில் இருக்கும் நிறங்கள்தான் மாட்டிக்கொள்ளும்.

ஆனால் வெள்ளைக்கு ஒரு வில்லங்கம் உண்டு. மெல்லிய வெள்ளை நனைந்தால் கண்ணாடி மாதிரி ஆகித் தோல் தெரியும். அதனால் கொஞ்சம் தடித்த, கூடை முடைந்தது போல நெய்த ஆக்ஸ்ஃபோர்ட் துணி எடு. கையை உள்ளே விட்டுப் பார், விரல் ரேகை தெளிவாகத் தெரிந்தால் வேண்டாம். கருநீலம் உன் அலுவலகத்தில் கூடாது, போனால் போகட்டும். அது ஈரத்தை மறைக்கும், ஆனால் காய்ந்த பிறகு உப்பு வெள்ளைக் கோடாகக் காட்டிக்கொடுக்கும்.

கடையில் சந்தேகமாக இருந்தால் விற்பவரிடம் கேட்டுவிட்டு, சட்டையின் கீழ் நுனியில், கால்சட்டைக்குள் போகும் இடத்தில், ஒரு துளி தண்ணீர் வை. இரண்டு எட்டுத் தள்ளி நின்று பார். தெரிந்தால் வாங்காதே.

செந்தூல் தையல்காரி
செவ்வாய், மாலை 6.45

நூல்காரர் அண்ணன் சொன்னது சரி. வியாழக்கிழமை பாத்தேக் போட்டு வரும் அரசாங்க ஊழியர்களைப் பாருங்கள், எத்தனை வியர்த்தாலும் பூவுக்குள் பூவாகப் போய்விடும். தம்பிக்குப் பூ கூடாதாம், என்ன அலுவலகமோ.

நான் 20 வருடமாக ரவிக்கையும் பஞ்சாபியும் தைக்கிறேன். பட்டு ரவிக்கையில் வியர்வை பட்டால் நிறமே போய்விடும். அதனால் அக்குளில் அரைவட்டமாக ஒரு பருத்தி அடுக்கு உள்ளே வைத்து, எடுத்துத் துவைக்கிற மாதிரி நாலே தையல் போட்டுக் கொடுப்பேன். ஆம்பளைகளுக்கு மட்டும் ஏன் இது இல்லை என்று நினைத்ததுண்டு.

ஈரச்சட்டை
ஞாயிறு, மாலை 5.15

இரண்டு நாள் சோதனை செய்தேன், சிரிக்காதீர்கள். ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில் இரண்டு பனியன் வாங்கினேன், இரண்டும் அரைக்கை, V கழுத்து. ஒன்று பருத்தி, ஒன்று மெல்லிய பாலியெஸ்டர் வலைத்துணி. பழைய வெளிர் நீலச் சட்டையை மேலே போட்டு, மாலையில் அதே வேகத்தில் 25 நிமிடம் நடந்தேன். கிளம்பும் முன்பும் வந்த உடனேயும் சமையலறைத் தராசில் நிறுத்தேன். அம்மா என்ன சமைக்கிறாய் என்று கேட்டார்.

பருத்திப் பனியன் 152 கிராமிலிருந்து 178 ஆனது. விசிறிக்குக் கீழே தொங்கவிட்டேன், அரை மணியில் 165, ஒரு மணி கழித்தும் 156. பாலியெஸ்டர் 96 கிராமிலிருந்து 110, அரை மணியில் 98. ஓட்டக்காரன் ஜெயித்தார் என்று எழுத வந்தேன். ஆனால் பாலியெஸ்டர் போட்ட நாள்தான் சட்டையில் ஈரம் அதிகமாகத் தெரிந்தது! எப்படி?

கேஎல் ஓட்டக்காரன்
ஞாயிறு, மாலை 5.30

ஜெயித்தேன் பார்த்தீர்களா. அன்றைக்கு நீங்கள் அதிகம் வியர்த்திருப்பீர்கள்.

பிறை நூல்காரர்
ஞாயிறு, மாலை 6.02

சட்டையை நிறுத்தாயா?

ஈரச்சட்டை
ஞாயிறு, மாலை 6.10

நல்லவேளை, நிறுத்தேன். பருத்தி நாளில் சட்டை 214லிருந்து 219. பாலியெஸ்டர் நாளில் 215லிருந்து 226.

பிறை நூல்காரர்
ஞாயிறு, மாலை 6.40

விடை அங்கேயே இருக்கிறது. பருத்திப் பனியன் 26 கிராமைத் தான் வைத்துக்கொண்டு, சட்டைக்கு 5 கிராம்தான் கொடுத்தது. வலைப் பனியன் 14 கிராம் வைத்துக்கொண்டு, 11 கிராமைச் சட்டைக்குத் தள்ளிவிட்டது. உன் சட்டை பருத்தி, அது எடுத்துக் குடித்தது. பரப்புகிற துணி எங்கே தொட்டாலும் அந்தப் பக்கமும் பரப்பும். பனியன் சீக்கிரம் காய்ந்ததற்கு அதில் பாதிதான் இருந்தது என்பதும் ஒரு காரணம்.

அதற்காகப் பருத்தியே மேல் என்று முடிவுகட்டாதே. உன் நடை 25 நிமிடம், அதற்கு அது தாங்கும். முக்கால் மணி நடந்தால் நிரம்பிவிடும், நிரம்பிய பிறகு சட்டைக்கும் வரும், ஏர்கோனில் மதியம் வரை சில்லென்று முதுகில் ஒட்டிக்கொண்டும் இருக்கும். இன்னொன்று, பருத்தி காற்றிலிருந்தே ஈரம் எடுக்கும். வியர்க்காமலே மழை நாளில் 4, 5 கிராம் கூடக் காட்டும். ஆகவே ஒரு நாள் கணக்கில் 5 கிராம் வித்தியாசத்துக்குச் சண்டை போடாதே. 11க்கும் 5க்கும் உள்ள வித்தியாசத்தைக்கூட இன்னொரு நாள் நடந்து பார்த்தால் நல்லது.

எனக்குத் தோன்றுவது: உடம்பு முழுவதும் பாலியெஸ்டர் இருக்கட்டும், அக்குளில் மட்டும் செந்தூல் அம்மா சொன்ன பருத்தி அரைவட்டம். வியர்வை கொட்டும் இடத்தில் ஒரு தொட்டி, மற்ற இடமெல்லாம் காய்கிற துணி.

செந்தூல் தையல்காரி
ஞாயிறு, இரவு 8.20

தம்பி, பனியனைக் கொண்டுவந்து கொடு, தைத்துத் தருகிறேன். பழைய பருத்திச் சட்டையில் இரண்டு அடுக்கு வெட்டி, கைச்சந்தில் தையலுக்கு மேல் பாதி கீழ் பாதி வருகிற மாதிரி வைக்கவேண்டும். பெரும்பாலானவர்கள் கீழே மட்டும் வைப்பார்கள். கையை இறக்கினால் மேல் கைப்பக்கமும் வியர்க்கும், அதை மறந்துவிடுவார்கள். உள்ளங்கை அளவு போதும். ஓரத்தை மடிக்காமல் விட்டுவிடு, மடித்தால் மேடாகித் தோலை உரசும், வெளியேயும் தெரியும். புதுத்துணி வேண்டாம், அதில் கஞ்சி இருக்கும், தண்ணீர் பிடிக்காது.

அப்புறம் பனியன் நிறம். வெள்ளைச் சட்டைக்குள் வெள்ளைப் பனியன் போட்டால் கை விளிம்பு பளிச்சென்று தெரியும். நம் தோலுக்குப் பழுப்போ நடுத்தரச் சாம்பலோ போடு, மறைந்துவிடும். பினாங்கில் மாப்பிள்ளைச் சட்டை தைத்துக் கொடுக்கும்போது இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது.

பட்டர்வொர்த் பையன்
ஞாயிறு, இரவு 9.00

அக்கா சட்டையின் கைச்சந்தைப் பற்றிச் சொல்லவில்லையே. கச்சிதமான சட்டையில் கைச்சந்து அக்குளிலேயே போய் உட்காருகிறது. எனக்குப் பனியன் இல்லாமல் தப்பிப்பதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன், லினன் கொஞ்சம் கீழே தொங்குகிறது.

செந்தூல் தையல்காரி
ஞாயிறு, இரவு 9.12

நல்ல கண்ணு உனக்கு. ஆமாம், தொட்டால்தான் நனையும். ஒரு விரல் இறங்கியிருந்தால் போதும், அதிகம் இறக்கினால் கையைத் தூக்கும்போது சட்டை முழுவதும் கூடவே மேலே வந்துவிடும்.

உள்ளங்கை
திங்கள், காலை 10.40

எனக்குப் பதில் யாரும் சொல்லவில்லை, பரவாயில்லை. தோல் மருத்துவரிடம் போனேன். கைக்கு வேறு வழி இருக்கிறதாம், துணி இல்லை. அக்குளுக்கு உருட்டி வகை வியர்வைத் தடுப்பானைக் காலையில் அல்ல, இரவில் படுக்கும் முன் உலர்ந்த தோலில் போடச் சொன்னார். அலுமினிய உப்பு வியர்வைத் துளைக்குள் போய் அடைக்க நேரம் வேண்டுமாம், காலையில் வியர்த்துக்கொண்டே போட்டால் கழுவிக்கொண்டு போய்விடுமாம். திடீரென்று வியர்வை கூடினாலோ, தூக்கத்தில் படுக்கை நனைந்தாலோ, உடல் இளைத்தாலோ சட்டை தேடாமல் மருத்துவரிடம் வரவேண்டும் என்றும் சொன்னார்.

ஈரச்சட்டை
திங்கள், இரவு 8.30

நன்றி, அதை நான் காலையில்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஆனால் புதுச் சிக்கல். இரண்டு தடவை துவைத்ததும் பாலியெஸ்டர் பனியன் ஈரம் இழுக்கவே மாட்டேன் என்கிறது. வியர்வை முத்து முத்தாகத் தோலிலேயே நிற்கிறது. கூடவே துவைத்த பிறகும் ஒரு வாடை, போட்டுப் பத்து நிமிடத்தில் எழுந்துவிடுகிறது.

பிறை நூல்காரர்
திங்கள், இரவு 9.05

அம்மா சாப்ட்னர் ஊற்றுகிறாரா?

ஈரச்சட்டை
திங்கள், இரவு 9.07

ஊற்றுகிறார். வாசனைக்கு.

பிறை நூல்காரர்
திங்கள், இரவு 9.25

அதுதான். சாப்ட்னர் நார்மேல் ஒரு வழவழப்பான படலம் விடும், தண்ணீர் ஓடும் வழியெல்லாம் மூடிக்கொள்ளும். ஒரு துளி வைத்துப் பார். உடனே விரிந்தால் பனியன் உயிரோடு இருக்கிறது. தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு நின்றால் படலம் இருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் சலவைத்தூள் மட்டும் போட்டு இரண்டு மூன்று தடவை துவைத்தால் பெரும்பாலும் திரும்பிவிடும்.

வாடை வேறு கதை. பாலியெஸ்டருக்குத் தண்ணீர் பிடிக்காது, எண்ணெய் பிடிக்கும். தோலின் எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும், அதில் கிருமி குடியிருக்கும். ஆக்சிஜன் வகை வெளுப்புத்தூளை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஒரு மணி நேரம் ஊறவைத்துவிட்டுத் துவை. குளோரின் வெளுப்பான் வேண்டாம், அக்குள் மஞ்சளை அது இன்னும் மஞ்சளாக்கும். சில பனியனில் எதைச் செய்தாலும் வாடை போகாது, அப்போது தரை துடைக்க வை. வாடை விஷயத்தில் பருத்திக்குத்தான் என் ஓட்டு.

கேஎல் ஓட்டக்காரன்
திங்கள், இரவு 9.50

வினிகர் போதும் அங்கிள், நான் அதைத்தான் செய்கிறேன்.

பிறை நூல்காரர்
திங்கள், இரவு 9.58

அன்றைய வாடை போகும். ஆறு மாதமாகச் சேர்ந்த எண்ணெய் போகாது. உன் ஜெர்சியை உன் வீட்டில் வேறு யாரிடமாவது முகர்ந்து பார்க்கச் சொல்.

கேஎல் ஓட்டக்காரன்
திங்கள், இரவு 10.20

மனைவி சிரிக்கிறார். சரி, தூள் வாங்குகிறேன்.

ஈரச்சட்டை
அடுத்த செவ்வாய், மதியம் 12.50

அக்கா தைத்த பனியனை நிறுத்தேன். அரைவட்டத்தோடு 109 கிராம், நடந்த பிறகு 127. புது வெள்ளை ஆக்ஸ்ஃபோர்ட் சட்டை 5 கிராம்தான் கூடியது. உட்கார்ந்து 40 நிமிடத்தில் பனியன் அக்குளைத் தவிர எங்கும் ஈரம் இல்லை, அக்குள் மட்டும் 10 மணி வரை லேசாக இருந்தது. வெளியே தெரியவில்லை.

இன்று பலகையில் எழுதினேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. திரும்பி நின்றபோதுதான் பக்கத்து மேசை அக்கா, "முதுகில் பை மாட்டியே இருக்கிறீர்கள் போல" என்றார். பையின் வடிவம் அப்படியே பதிந்திருந்ததாம்.

பிறை நூல்காரர்
அடுத்த செவ்வாய், மதியம் 1.30

அதற்குத் துணியில் தீர்வு இல்லை. பை அழுத்துகிற இடத்தில் காற்றே போகாது, உள்ளே என்ன போட்டாலும் பிழிந்து சட்டைக்கு அனுப்பிவிடும். கையில் பிடித்துக்கொண்டு நட.

ஈரச்சட்டை
அடுத்த செவ்வாய், மதியம் 1.34

மடிக்கணினி, சாப்பாட்டுப் பெட்டி, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் சேர்த்து 5 கிலோ அங்கிள்.

செந்தூல் தையல்காரி
அடுத்த செவ்வாய், மதியம் 2.10

ஒரு தோளில் மாட்டு, மஸ்ஜிட் ஜமேக்கில் தோள் மாற்று. இல்லாவிட்டால் முதுகுக்கும் ஓர் அடுக்கு தைத்துப் பார்க்கலாம். ஆனால் அது வெளியே தெரியுமா, சூடு தாங்குமா என்று போட்டு நடந்த பிறகுதான் சொல்லமுடியும். சனிக்கிழமை கடை 11 மணிக்குத் திறக்கும்.

பட்டர்வொர்த் பையன்
அடுத்த செவ்வாய், மதியம் 2.40

அக்கா, பினாங்குக்குத் தபாலில் அனுப்புவீர்களா? ஃபெரி நாளுக்கு இல்லை, பஸ்ஸில் போகும் நாளுக்கு ஒன்று வேண்டும்.

செந்தூல் தையல்காரி
அடுத்த செவ்வாய், மதியம் 2.52

பனியனும் வேண்டாம் என்று மூன்று வருடம் சொன்னது யார்? அளவைத் தனிமடலில் அனுப்பு. அக்குள் முதல் முழங்கை வரை எத்தனை அங்குலம் என்பதையும் சேர்த்து எழுது.